போய்வா என்று தாய் சொன்ன பிறகும்

2017ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பிய மகன் ஒருவன், மும்பை அந்தேரிப் பகுதியில் தன் தாய் தனித்து வாழ்ந்துவந்த அடுக்குமாடி வீட்டின் கதவைத் தட்டி ஓய்ந்து, பின்னர் பூட்டைத் திறக்கச் செய்து உள்ளே சென்றபோது அங்கே எலும்புக்கூட்டையே கண்டான் என்னும் செய்தி வெளிவந்து நாடே நடுங்கியது. கணவனை இழந்த அந்த அம்மையாரோடு அவன் கடைசியாகப் பேசி ஓராண்டுக்கு மேலாகியிருந்ததாம். அந்த மகனை ஏசிவிட்டு நாம் நம் காரியத்தைப் பார்க்கப் போய்விட்டோம். ஆனால் அச்செய்தி எழுப்பிய கேள்வி போய்விடவில்லை. கடல் கடந்து பிழைக்கப் போகும் ஒவ்வோர் ஒற்றைப் பிள்ளையின் வாசலிலும் அது இன்றும் வந்து நிற்கிறது.

இங்கே ஆராயப் புகுவது, அக்கேள்வியைப் புறப்படுவதற்கு முன்னரே தன்னைக் கேட்டுக்கொண்ட ஓர் இளைஞன் தன் காதலிக்கு எழுதிய கடிதம். அவள் நர்ஸ், ஆங்கிலத் தேர்வும் கணிப்பொறித் தேர்வும் தேறி, இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் வேலைக்கு உத்தரவு பெற்றிருக்கிறாள். அவன் காவிரிப் பக்கத்துப் பள்ளியொன்றில் ஆசிரியன். மணம் முடித்து, அவளைச் சார்ந்த கணவன் என்ற முறையில் விசா பெற்று அவனும் உடன் செல்லலாம். அங்கே அவனும் வேலை செய்யலாம். வீட்டில் எழுபத்தொரு வயதுத் தாய். தகப்பனார் காலமாகி ஆறு ஆண்டுகள். வேறு பிள்ளை இல்லை. தாயோ, "நீ போய்வா அப்பா, என்னைப் பற்றிக் கவலைப்படாதே" என்று சொல்லிவிட்டாள். அவன் போகமுடியாதென்று எழுதுகிறான். அவன் செய்தது தர்மம் என்பதே இக்கட்டுரையின் துணிபு. அத்துணிபுக்குரிய காரணங்களைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும்.

"தாயையும் உடன் அழைத்துச் செல்வதுதானே?" என்று கேட்போர் பலர். கடிதத்தில் அதற்கு விடை இருக்கிறது. அவளைப் போல் நர்ஸ் வேலைக்காகச் செல்பவர் தம் கணவனையோ மனைவியையோ சிறு பிள்ளைகளையோ உடன் அழைத்துச் செல்ல அந்நாட்டுச் சட்டம் வழி வைத்திருக்கிறது. பெற்றோருக்கு அவ்வழி இல்லை. பார்வையாளராக வந்தால் ஒரு தடவைக்குப் பொதுவாக ஆறு மாதம். அதன் பின் திரும்பவேண்டும். நிலையாகத் தங்கும் உரிமை பெற்றவர் பெற்றோரை வரவழைக்கலாமே என்றால், 2012 ஜூலையில் வகுத்த விதி அதற்கும் ஒரு நிபந்தனை வைக்கிறது: அம்முதியவர் உடுத்தல், குளித்தல், உணவு சமைத்தல் போன்ற அன்றாடக் காரியங்களைத் தாமே செய்ய இயலாத அளவுக்குத் தளர்ந்திருக்கவேண்டும், அதற்கு மேலும், பிள்ளை அனுப்பும் பணத்தைக் கொண்டு சொந்த நாட்டில் ஆள் வைத்துக்கூட அந்தப் பராமரிப்பைப் பெற வழியில்லை என்று மெய்ப்பிக்கவும் வேண்டும். கூலிக்கு ஆள் அகப்படும் நம் நாட்டில் இதை மெய்ப்பிப்பது எளிதன்று. இவ்விதியின் உட்கிடை யாதெனில், பணமும் ஆளும் இருக்குமிடத்தில் பிள்ளை இல்லாமை ஒரு குறையன்று என்பதே. ஒரு நாடு தன் எல்லையைக் காக்க இப்படி விதி செய்துகொள்வது அதன் உரிமை. ஆனால் அவ்விதியின் நோக்கையே ஒரு மகன் தன் மனச்சாட்சியின் நோக்காகவும் ஏற்றுக்கொள்ளலாமா?

பணம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அவன் பொதுவாகப் பேசாமல், தன் வீட்டு நிலையைக் கொண்டே காட்டுகிறான். தாய்க்கு நெடுநாளாகச் சர்க்கரை வியாதி. காலையும் இரவும் உணவுக்கு அரை மணிக்கு முன் இன்சுலின் ஊசி. கண் மங்கிவிட்டதால் ஊசிக் குழலின் கோடுகள் அவளுக்குத் தெரிவதில்லை. அவனே அளந்து போடுகிறான். ஊசியைப் போட்டுவிடக் கூலிக்கு ஒருத்தி கிடைப்பாள். அதில் அவனுக்கு ஐயமில்லை. ஆனால் ஊசி போட்ட பிறகு அம்மா பசியில்லை என்று இரண்டு கவளத்தோடு கையலம்பிவிட்டாளா என்று பார்ப்பது யார்? அப்படி உண்ட நாளில் இரத்தத்துச் சர்க்கரை எழுபதுக்குக் கீழே இறங்கும், வேர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும், முதியவர்களுக்குப் பலசமயம் இவ்வறிகுறிகள் தெளிவாய்த் தோன்றாமல், வெறும் குழப்பமும் எரிச்சலுமாகவே வெளிப்படும். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால்மணி கழித்து மறுபடி சோதித்துப் பார்த்தால் பெரும்பாலும் அபாயம் நீங்கிவிடும். ஆனால் அப்போது அவளே அதை அறியும் நிலையில் இருக்கமாட்டாள். அறிவு தடுமாறுவதே இதன் அடையாளமாதலால், தனக்குத் தேவையான உதவியைக் கேட்கும் சக்தியை முதலில் இழப்பவள் அவளே. சென்ற மார்கழியில் ஒருநாள் பின்னிரவு மூன்று மணிக்கு, அடுக்களையில் விளக்கின்றி நின்று, இறந்துபோன கணவனுக்குக் காப்பி கலக்கப் பாத்திரம் தேடிக்கொண்டிருந்தாளாம். பாத்திரம் உருண்ட ஓசை அவனை எழுப்பிற்று. "அப்போது லண்டனில் இரவு ஒன்பதரை மணி. நான் அங்கே விழித்துத்தான் இருந்திருப்பேன், ஆனால் பாத்திரம் உருண்ட சத்தம் எனக்குக் கேட்டிராது" என்று அவன் எழுதுகிறான்.

பெற்றோர், முதியோர் பராமரிப்புக்கென நம் நாடு 2007இல் இயற்றிய சட்டமும் உணவு, உடை, உறையுள், மருத்துவம் ஆகியவற்றையே பராமரிப்பு என்று வரையறுத்து, அதனை மாதாந்தரத் தொகையாக மதிப்பிடுகிறது. தீர்ப்பாயம் கட்டளையிடக் கூடியது அவ்வளவே. ஓசை கேட்டு விழிக்கும் தூரத்தில் படுத்திருப்பதை எந்த அதிகாரியும் உத்தரவிட இயலாது. அதனாலேயே அது அறத்தின் பொறுப்பில் விடப்பட்டிருக்கிறது.

ஆன்றோர் வாக்கு இவ்விஷயத்தில் ஒருமுகமாகவே நிற்கிறது. ஔவையார் கொன்றைவேந்தனைத் தொடங்குவதே தாய் தந்தையரைத் தெய்வமாகக் காட்டித்தான். தைத்திரீய உபநிஷத்து, கல்வி முடிந்து வீடு திரும்பும் மாணவனுக்குக் கூறும் உபதேசத்தில் தாயைத் தெய்வமாகக் கொள்ளும்படி முதலில் பணித்துவிட்டே தந்தையையும் ஆசானையும் சொல்கிறது. ஆயிரம் தந்தையரினும் தாய் பெரியவள் என்று கணக்கிட்டது மனுஸ்மிருதி. பெற்றோர் இருக்கையில் நெடுந்தொலைவு செல்லற்க, செல்லின் சென்ற இடம் அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்ற கருத்துச் சீனத்துக் கன்பூசியஸின் உரையாடல்களிலும் உண்டு. மகாபாரதத்து வனபர்வத்திலோ, வேதம் கற்கும் பொருட்டு முதிய பெற்றோரை விட்டுவந்த கௌசிகன் என்னும் அந்தணன், மிதிலையில் இறைச்சி விற்கும் தர்மவியாதனிடம் தர்மம் கேட்க நேர்கிறது. அவ்வியாதன் நீண்ட உபதேசத்துக்குப் பிறகு அவனைத் தன் வீட்டுக்குள் அழைத்துச் சென்று, நல்ல ஆசனத்தில் அமர்ந்திருந்த தன் வயோதிகத் தாய் தந்தையரைக் காட்டி, இவர்களே என் தெய்வம் என்கிறான். நீ விட்டுவந்த உன் பெற்றோர் துயரத்தால் கண்ணிழந்து கிடக்கிறார்கள், திரும்பிப் போ என்றும் கூறுகிறான். கௌசிகன் தேடிப் போனது செல்வமன்று, வேதம் என்பதை நாம் மறவாதிருக்கவேண்டும். வேதத்தின் பொருட்டே விட்டுப் போதல் குற்றமாயின், சம்பளத்தின் பொருட்டு விட்டுப் போதலை என்னென்பது?

ஆயினும், கௌசிகன் அனுமதி பெறாமல் போனவன். இவனுக்கோ தாயே அனுமதி தந்துவிட்டாளே என்று ஒரு தடை எழலாம். இந்த விவகாரத்தின் உயிர்நிலை இதுதான். ஆதிசங்கரர் துறவு பூண்ட வரலாற்றில் இதற்கு ஒளி கிடைக்கிறது. விதவைத் தாயின் ஒற்றைப் பிள்ளையாகிய அவர் காலடியில் பூர்ணா நதியில் இறங்கியபோது முதலை காலைப் பற்றிற்றென்றும், துறவுக்கு அனுமதி தந்தால் பிழைப்பேன் என்று அவர் கேட்க, தாய் அனுமதி தந்தாளென்றும் கூறுவர். பிள்ளை உயிரோடிருந்தால் போதும் என்று எண்ணும் தாய் எதற்குத்தான் சம்மதிக்க மாட்டாள்? அச்சம்மதத்தை முழு விடுதலையாகக் கொள்ளாமல், அந்திமக் காலத்தில் வந்து சேர்வேன் என்று வாக்களித்து, துறவிக்கு விதி இடங்கொடாதிருந்தும் வந்து தாயின் ஈமக்கடனை முடித்தார் அவர் என்பதே அவ்வரலாற்றின் மறுபாதி. போய்வா என்ற சொல் தாயின் அன்புக்குச் சாட்சி. மகனின் கடமை தீர்ந்தமைக்கு அதைச் சாட்சியாகக் கொள்ளல் தகாது. அவள் தடுத்திருந்தால் அவனுக்குக் கோபித்துக்கொண்டு போகவாவது ஒரு முகாந்தரம் இருந்திருக்கும்.

பிரெஞ்சு அறிஞர் சார்த்தர் 1945இல் ஆற்றிய சொற்பொழிவொன்றில் இதுபோன்றதோர் இளைஞனைப் பற்றிப் பேசியிருக்கிறார். ஜெர்மானியப் படையெடுப்பில் தமையனை இழந்த அவன், இங்கிலாந்து சென்று விடுதலைப் படையில் சேர்வதா, தன்னையன்றி வேறு துணையற்ற தாயோடு இருப்பதா என்று அவரிடம் கேட்டான். நீ சுதந்திரன், நீயே தேர்ந்துகொள் என்பதே அவர் விடை. அத்தகைய பேரறிஞர் கூறினும் இவ்விடை போதாது. ஏனெனில், தாய்க்குச் செய்வது நிச்சயமாகப் பயன்படும், படையில் சேர்வது மணலில் சிந்திய நீராகவும் போகலாம் என்ற வேற்றுமையை அவரே எடுத்துக்காட்டியிருக்கிறார். ஒரு தேசத்தின் விடுதலையையே எதிர்த்தட்டில் வைத்தும் தராசு தடுமாறிற்று என்றால், இங்கே எதிர்த்தட்டில் இருப்பது என்ன என்று பார்க்கவேண்டும்.

இருப்பது வருவாய் மட்டுமன்று. ஒரு பெண்ணின் வாழ்வும் இருக்கிறது. இல்வாழ்வான் மூவர்க்குத் துணை என்ற குறளில் வரும் மூவரைப் பரிமேலழகர் ஏனை மூன்று நிலையினராகக் கொள்ள, கலைஞர் கருணாநிதி பெற்றோர், வாழ்க்கைத் துணை, குழந்தைகள் என்று கொண்டார். அவ்வுரைப்படி தாயும் மனைவியும் ஒரே வரிசையில் நிற்பவர்கள். அவள் உரிமையைச் சிறிதென்று சொல்வதற்கில்லை. ஆயினும் அவளுக்கு இளமையும் தொழிலும் காலமும் இருக்கின்றன. தாய்க்கு அவை இல்லை. அத்துடன், முதியோரைப் பேணும் அருமையை அறிந்த தொழில் அவளுடையது. அங்கே அவள் தூக்கி அமர்த்திச் சோறூட்டப் போவது வேறு யாரோ பிள்ளைகளின் தாய்மாரைத்தானே?

அவளுக்கு அவன் பட்ட கடன், உண்மையைக் காலத்தில் சொல்வது. ஈன்றாள் பசித்திருக்கக் கண்டபோதும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யலாகாது என்று விதித்தவர் வள்ளுவர்; தாயின் பெயரால் ஒரு பெண்ணை ஏமாற்றுதலும் அவ்விலக்குக்கு உட்பட்டதே. இங்கேதான் கடிதம் மேன்மையடைகிறது. "அம்மா விடமாட்டேன் என்கிறாள் என்று எழுதியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்; என்மேல் வரவேண்டிய உன் கோபம் அவள்மேல் போயிருக்கும். அவள் போகச் சொல்லிவிட்டாள். போகாதவன் நான்" என்கிறான். தேர்வுகளுக்காக அவள் இரவில் கண்விழித்துப் படித்ததைச் சொல்லி, அப்போதே வாய்திறவாமல் நான்கு மாதம் தாழ்த்தியது தன் பிழை என்று ஒப்புக்கொள்கிறான். விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பாவது எழுதினானே என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். எனினும் அந்நான்கு மாதமும் அவளுக்கிழைத்த அநீதியே.

இன்னொன்றையும் அவன் தவிர்த்திருக்கிறான். காத்திரு என்று அவளைக் கேட்கவில்லை. "எதுவரை என்று நீ கேட்டால் நான் என்ன சொல்வேன்? அம்மா இருக்கும்வரை என்றுதானே சொல்லவேண்டும். அப்படிச் சொன்ன நாள்முதல் நாமிருவரும் எதற்காகக் காத்திருப்பவர்கள் ஆவோம் என்று நினைத்துப் பார்த்தேன், பயமாக இருந்தது." தாயின் ஆயுளைத் தவணையாக்கிக்கொண்டு அவளுக்கு ஊசி போடும் கை எப்படிப்பட்ட கையாயிருக்கும் என்பதை அவன் உணர்ந்திருக்கிறான். இருந்து பேணுதலோடு, முடிவை எதிர்பாராமல் பேணுதலும் தர்மத்தில் சேர்ந்தது.

கடிதத்தை அவன் தாயிடம் காட்டவில்லை. காட்டினால் அவள் அன்றிரவே அண்டைவீட்டாரிடம் சொல்லிப் பெட்டியைக் கட்டச் சொல்வாள் என்று எழுதியிருக்கிறான். "அந்தப் பெண் எப்போது புறப்படுகிறாள்?" என்று அவள் கேட்டாளாம், வைகாசியில் என்று சொன்னானாம். நீயும்தானே என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.