நடந்து வருகிறேன் என்று நேர்ந்துகொண்டவர்களுக்கு



ஆகஸ்ட் மாதம் பிறந்துவிட்டால் நம் முடிச்சூர்த் தெருக்களில் மாடித் துணிக்கொடிகளெல்லாம் காவி நிறமாகிவிடும். சிலர் வேளாங்கண்ணிக்கே நடந்து போகிறீர்கள். ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர் நடந்தாலும் பதினொரு நாள் ஆகும் தூரம் அது. அவ்வளவு முடியாதவர்கள் 29ஆம் தேதி கொடியேற்றத்துக்குப் பெசன்ட் நகர் மாதா கோயிலுக்கு நடக்கிறீர்கள். தாம்பரத்தில் ரயில் பாதையைக் கடந்து, மேடவாக்கம், பள்ளிக்கரணை, வேளச்சேரி வழியாக ஏறக்குறைய 25 கிலோமீட்டர். நம் பக்கத்து வீட்டு இந்து சகோதரர்களும் கூட வருகிறார்கள். மாதா யாரிடமும் அடையாள அட்டை கேட்டதில்லை.

இந்த ஆண்டு நம் இளையோர் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். நடைப்பயண வேண்டுதல் என்றால் என்ன என்று மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு விளக்க, ஒரு நிமிட வீடியோ தயாரித்தார்கள். போன வாரம் எனக்குப் போட்டுக் காட்டினார்கள். படம் அழகாக இருந்தது. விடியற்காலை இருட்டில் நடக்கும் கால்கள், தள்ளிக்கொண்டு போகும் சிறிய தேர், செபமாலை உருட்டும் விரல்கள். கூடவே ஒரு குரல்: மாதாவிடம் கேட்டேன், கிடைத்தது, அதனால் நடக்கிறேன். வீடியோ அவ்வளவுதான்.

நான் பிள்ளைகளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். கேட்டது கிடைக்காதவர் எதற்கு நடக்கிறார்? ஒருவரும் பதில் சொல்லவில்லை. அவர்கள் மேல் குறை இல்லை. நாம் வீட்டில் எப்படிப் பேசுகிறோமோ அப்படித்தான் அவர்கள் படம் எடுத்திருக்கிறார்கள். ஆகவே அந்தக் கேள்வியை இன்று நம் எல்லாரிடமும் கேட்கிறேன். நீங்கள் நேர்ந்துகொண்ட நாளில், கடவுளோடு ஒரு பேரம் பேசினீர்களா, அவருக்கு ஒரு காணிக்கை தந்தீர்களா?

பயத்தில் நேர்ந்துகொண்டேன், அது பேரம்தானே என்று சிலர் மனம் குத்தலாம். வெட்கப்பட வேண்டாம். 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறி வந்தபோது முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் நம்மில் பலர் மாடியில்தான் இருந்தோம். கீழே தண்ணீர், மேலே மழை, படகு வருமா வராதா என்று தெரியாத இரவு. அந்த இரவில் எத்தனை பேர் "தாயே, பிள்ளைகள் பிழைத்தால் நடந்து வருகிறேன்" என்று அழுதிருப்பீர்கள்! வேளாங்கண்ணித் திருத்தலத்தின் வரலாற்றிலேயே அப்படி ஓர் அழுகை உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் மக்காவ் நகரிலிருந்து இலங்கைக்குப் போன போர்த்துக்கீசிய வணிகக் கப்பல் ஒன்று வங்கக் கடலில் புயலில் சிக்கியது என்று மரபு சொல்கிறது. கரை சேரும் இடத்தில் மாதாவுக்குக் கோயில் கட்டுகிறோம் என்று மாலுமிகள் நேர்ந்துகொண்டார்கள். அவர்கள் வேளாங்கண்ணிக் கரையில் ஒதுங்கியது செப்டம்பர் 8, அன்னையின் பிறந்தநாள். அங்கே இருந்த கூரைக் குடிலின் இடத்தில் கோயில் எழுப்பினார்கள்.

கட்டி முடித்ததும் கணக்கு தீர்ந்தது என்று அவர்கள் போய்விடவில்லை. அடுத்தடுத்த பயணங்களிலும் வந்து அந்தக் கோயிலைப் பெரிதாக்கினார்கள், பீங்கான் தட்டுகளைக் கொண்டுவந்து பீடத்தை அழகுபடுத்தினார்கள் என்று சொல்லப்படுகிறது. பயத்தில் பிறந்த வாக்கு, அன்பில் வளர்ந்தது. உங்கள் வாக்கும் எப்படிப் பிறந்தது என்பதைப் பற்றி ஆண்டவர் கவலைப்படுவதில்லை.

அப்படியானால் வேண்டுதல் என்பது என்ன? திருஅவைச் சட்டம் 1191ஆம் எண்ணில் இதை எளிமையாகச் சொல்கிறது. நம்மால் முடிகிற, நல்லதான ஒரு காரியத்தைச் செய்வேன் என்று யோசித்து, மனமுவந்து கடவுளுக்குக் கொடுக்கும் வாக்குறுதி அது. மாதாவுக்கு நேர்ந்தேன் என்று நாம் வாய் நிறையச் சொல்கிறோம், சொல்லலாம். ஆனால் வாக்கைப் பெற்றுக்கொள்பவர் கடவுள். மாதா நமக்காகப் பரிந்து பேசுகிறவர், நம்மோடு கூட நடக்கிறவர். அவரும் நடந்தவர்தானே! ஆண்டுதோறும் பாஸ்காவுக்கு நாசரேத்திலிருந்து எருசலேமுக்கு உறவினர்களோடு கூட்டமாகப் போய்வந்த குடும்பம் அது. பன்னிரண்டு வயது மகனைக் கூட்டத்தில் தவறவிட்டுத் தேடிய தாய்க்கு, பயண வழியில் வரும் கலக்கம் தெரியாதா?

யோசித்து, மனமுவந்து என்கிற அந்த இரண்டையும் கவனியுங்கள். பஸ்ஸில் போகும்போது "ஒரு தடவை நடந்து போகணும்" என்று தோன்றிய நினைப்பு வேண்டுதல் ஆகாது. அது நல்ல ஆசை, அவ்வளவே. மிரட்டி வாங்கிய வாக்கும் வாக்கல்ல. அநியாயமாகப் பயமுறுத்தி ஒருவரை நேர வைத்தால் அது செல்லாது என்று அதே சட்டம் சொல்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் வருடக்கணக்கில் மனதைப் போட்டு வதைத்துக்கொள்கிறவர்கள் நம் நடுவே இருக்கிறார்கள்.

நம்மைப் போன்ற பங்குகளில் அடிக்கடி நடப்பதைச் சொல்கிறேன். ஒரு தாய், மகன் பிளஸ் டூவில் தேறினால் அவன் வேளாங்கண்ணிக்கு நடந்து வருவான் என்று நேர்ந்துகொள்கிறார். மகன் தேறிவிட்டான். இப்போது ஒரகடத்தில் வேலை, ஷிப்ட் மாறி மாறி வருகிறது, பன்னிரண்டு நாள் விடுப்பு கிடைக்காது. உள்ளபடி சொன்னால் அவனுக்கு மனமும் இல்லை. வீட்டில் ஆகஸ்ட் வந்தாலே சண்டை. யாருக்காவது காய்ச்சல் வந்தால் "வேண்டுதல் பாக்கி இருக்கு, அதான்" என்ற பேச்சு. "சாமி கண்ணைக் குத்தும்" என்று பாட்டி வேறு.

சகோதரியே, அந்த வேண்டுதல் உங்கள் மகனைக் கட்டாது. வாக்குக் கொடுத்தவரை மட்டுமே வேண்டுதல் கட்டும் என்பது 1193ஆம் எண். அவன் வர விரும்பினால் வரட்டும், அழைக்கலாம், கெஞ்சலாம். பாவம் சேரும் என்று மட்டும் சொல்லாதீர்கள். அன்னா தன் மகன் சாமுவேலை நேர்ந்து கொடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். கொடுத்தார். ஆனால் சிறுவன் சாமுவேல் கோவிலில் படுத்திருந்தபோது ஆண்டவர் அவனைப் பெயர் சொல்லி மீண்டும் மீண்டும் அழைத்துக் காத்திருந்தார். தாய் கொடுத்த வாக்கோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. பிள்ளையின் பதிலைப் பிள்ளையின் வாயிலிருந்தே கேட்க விரும்பினார். உங்கள் மகனிடமும் அவர் அவ்வளவு பொறுமையாகத்தான் இருப்பார்.

சரி, மகனுக்குப் பதில் நானே நடக்கிறேன் என்று அந்தத் தாய் கிளம்புகிறார் என்று வையுங்கள். அவருக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை நோய். இங்கேதான் எனக்குப் பயம். சர்க்கரை நாள்பட்டால் பாதத்தில் உணர்வு மங்கிவிடக்கூடும். ஆகஸ்ட் வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்தால் மற்றவர்கள் துள்ளுவார்கள், அவருக்குச் சுடுவதே தெரியாது. கொப்புளம் உடைந்து புண்ணான பிறகும் வலிக்காது. வலி இல்லாததை மாதாவின் அருள் என்று நினைத்து நடந்துகொண்டே இருப்பார். ஆகவே நடக்கிற எல்லாரும் ஒவ்வொரு இரவும் உள்ளங்காலை டார்ச் அடித்துப் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்குக் கூட வருகிறவர் பார்த்துச் சொல்லட்டும். சிவப்போ கொப்புளமோ நீர்க் கசிவோ தெரிந்தால் அங்கேயே நிறுத்தி மருத்துவரிடம் போங்கள். செருப்புப் போட்டு நடந்தால் வேண்டுதல் குறையும் என்று எந்த மறையேட்டிலும் இல்லை.

மருத்துவர் நடக்கவே கூடாது என்று சொல்லிவிட்டால்? வாக்கு முறிந்ததா? இல்லை. தாய்த் திருஅவை இதற்கும் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. தனிப்பட்ட வேண்டுதலை அதற்கு ஈடான அல்லது அதைவிட மேலான நற்செயலாக நேர்ந்துகொண்டவரே மாற்றிக்கொள்ளலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அந்தப் பதினொரு நாளும் படுக்கையில் கிடக்கும் ஒரு நோயாளியைத் தினமும் போய்க் கவனிக்கிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டால், அது நடையைவிடச் சின்னதா? அதுவும் முடியாமல் இன்னும் எளிதான ஒன்றாக மாற்ற வேண்டுமென்றால் பங்குத்தந்தையிடம் வர வேண்டும். நியாயமான காரணம் இருந்தால், வேறொருவருடைய உரிமை பாதிக்கப்படாதபோது, அவர் மாற்றித் தரலாம், முழுவதுமாக விடுவிக்கவும் செய்யலாம். 1196, 1197 என்ற எண்களில் இது இருக்கிறது. இரக்கத்தைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிற தாய் நம் திருஅவை. கடவுள் தவணை தவறினால் வாசலில் வந்து நிற்கும் கடன்காரர் அல்லர்.

இதனால், முடிந்தவர்கள் சோம்பலுக்கு இதைச் சாக்காக வைக்கலாம் என்று நான் சொல்லவில்லை. கொடுத்த வாக்கு வாக்குதான். நிறைவேற்ற முடிந்தும் தள்ளிப் போடுகிறவர்கள் தள்ளிப் போடாதீர்கள். கால் நடந்து மனம் நடக்காமல் போவதும் உண்டு. அண்ணனோடு நான்கு வருடம் பேசாமல் மாதாவிடம் மட்டும் பேசிக்கொண்டே நடப்பவர் எங்கே போய்ச் சேருவார்? போய்ச் சேர்ந்ததும் ஒப்புரவு அருளடையாளம் பெற்று, திருப்பலியில் பங்கேற்று, நற்கருணை வாங்குங்கள். தேரைத் தொட்டுவிட்டுத் திரும்புவதோடு பயணம் முடிவதில்லை.

இனி, இளையோரே, உங்கள் வீடியோ. அந்தக் கால்களையும் தேரையும் அப்படியே வைத்திருங்கள். குரலை மட்டும் மாற்றிப் பேசுங்கள். இது நான் கடவுளுக்கு மனமுவந்து கொடுத்த வாக்கு என்று சொல்லுங்கள். கேட்டது கிடைத்தவரும் நடக்கிறார், கிடைக்காதவரும் நடக்கிறார் என்று சொல்லி, கிடைக்காமலும் நடக்கிற ஒருவரை, அவர் சம்மதித்தால், பத்து வினாடி பேச விடுங்கள். நம் கூட்டத்தில் அப்படிப்பட்டவர்கள் உண்டு. அவர்கள் பேசுவதைத்தான் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். நடக்க முடியாமல் போன ஒரு பாட்டியையும் காட்டுங்கள். அழுகிற முகங்களைக் கேட்காமல் படம் பிடிக்காதீர்கள். இருட்டில் ரோட்டில் நின்று எடுக்காதீர்கள், ஒளிரும் பட்டை போட்டுக்கொண்டு ஓரமாக நடக்கிறவர்களே வண்டிக்காரருக்குச் சரியாகத் தெரிவதில்லை.

பெரியவர்களே, பழைய வேண்டுதல் ஒன்று நிறைவேறாமல் உங்கள் நெஞ்சில் கிடந்தால், எத்தனை வருடமானாலும் பரவாயில்லை, என்னிடம் வாருங்கள். திருப்பலி முடிந்ததும் அலுவலகத்தில்தான் இருப்பேன். இதற்குக் காணிக்கை எதுவும் கிடையாது. உட்கார்ந்து பேசுவோம்.