கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்கள்

நோட்டு மேசை மேல் கிடக்கிறது. கணக்கு நோட்டு. பின்பக்கத்திலிருந்து தலைகீழாக எழுதியிருக்கிறான்.

பதினேழு வயது. பாத்துச் சொல்லுங்க சார் என்று வைத்தவன் நிற்காமல் போய்விட்டான்.

மின்விசிறியில் தாள் எழுகிறது, படிகிறது.

*

முதல் பக்கத்தில் மழை பெய்கிறது. தாடி வளர்கிறது. இதயம் கண்ணாடியாகி உடைகிறது.

ஊரில் மழை பெய்து இரண்டு மாதம் ஆகிறது. அவனுக்குத் தாடி இன்னும் முளைக்கவில்லை.

சிரிப்பு வருகிறது. வந்து, போகிறது.

*

வாய்விட்டு மெல்லப் படிக்கிறேன். மூன்றாவது வரியில் குரல் தானாக ஒரு மெட்டில் ஏறிக்கொள்கிறது. எந்தப் பாட்டு என்று பிடிபடவில்லை.

சினிமாவில் பெரும்பாலும் மெட்டு முந்தி வருகிறது, சொல் பிந்தி வருகிறது. மெட்டு விடுகிற இடத்துக்குள் துயரம் உட்கார வேண்டும். இழுக்கிற இடத்தில் நெடில் வேண்டும். பல்லவி திரும்பி வருவதால் வலியும் அதே சொற்களில் திரும்பி வருகிறது. பாட்டுக்கு அது சரிதான்.

இவனுக்கு மெட்டு போட்டுக் கொடுத்தவர் யாருமில்லை. காது போட்டுக்கொள்கிறது.

*

ஒரு வரி கண்ணீரில் முடிகிறது. அடுத்தது தண்ணீரில்.

தண்ணீருக்கு அங்கே வேலையில்லை. ஓசை கூப்பிட்டிருக்கிறது, வந்திருக்கிறது.

தண்ணீர் மேல் ஒரு கோடு. வேறு மையில், பிறகு எப்போதோ, கண்ணீர் மேலும்.

*

இரண்டாம் பக்கம். ‘நீ’ எல்லாம் ‘அவள்’ ஆகியிருக்கிறது.

‘நீ ஏன் போனாய்’ இருந்த இடத்தில் ‘அவள் டியூஷனுக்கு வருவதில்லை’.

கத்தல் அடங்கியிருக்கிறது.

ஓரத்தில் அவள் பெயரின் முதலெழுத்து. அதன் மேல் பேனா பலமுறை சுற்றியிருக்கிறது. அகப்பாட்டில் தலைவன், தலைவி பெயரைச் சொல்வதில்லை என்று வகுப்பில் சொன்னது நினைவிருந்ததோ. வீட்டில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற பயமோ.

*

மூன்றாம் பக்கம்.

‘வேதியியல் ரெக்கார்டைத் திருப்பிக் கொடுத்தாள்
பிரவுன் அட்டைப் போட்டு
நான் போட்டதில்லை
உள்ளே ஏதாவது இருக்குமென்று
உப்புப் பரிசோதனை வரை புரட்டினேன்’

இங்கே நிற்கிறேன்.

உப்பிலிருந்து கண்ணீருக்கு ஓர் எட்டுதான். வைத்திருக்கலாம். கைதட்டலும் கிடைத்திருக்கும். அவன் வைக்கவில்லை. ரெக்கார்டில் உப்புப் பரிசோதனை இருக்கிறது, அதனால் கவிதையில் இருக்கிறது.

மூச்சு கொஞ்சம் நீளமாக வெளியே போகிறது.

*

‘அன்று இரவு மூன்று தோசை சாப்பிட்டேன்.’

அடித்திருக்கிறான். கீழே அதையே மறுபடி எழுதியிருக்கிறான். மறுபடி அடித்திருக்கிறான். மூன்றாவது முறை அழுத்தி எழுதியதில் அடுத்த தாளிலும் தடம். விரலால் தடவினால் தெரிகிறது.

பசித்ததற்கு வெட்கம் போலிருக்கிறது. படங்களில் அந்த நேரத்தில் தட்டைத் தள்ளிவிடுவார்கள். இவனிடம் அம்மா இன்னொன்று போடட்டுமா என்று கேட்கிறாள். அதுவும் இருக்கிறது. இவன் சொன்ன பதில் இல்லை.

*

குறுந்தொகையில் இருபத்தைந்தாவது பாட்டு. கபிலர். ஐந்தே அடி.

தலைவன் சொல் தவறினால் என்ன செய்வது என்று ஒருத்தி அஞ்சுகிறாள். இருவரும் கூடிய நாளுக்குச் சாட்சி ஒரு குருகு மட்டும். அதுவும் இவர்களைப் பார்க்கவில்லை. ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதன் கால் எப்படி இருந்தது என்றுகூட அவளுக்கு நினைவிருக்கிறது.

வானம் இடிக்கவில்லை அங்கே. இடித்திருந்தால் குருகு பறந்திருக்கும்.

*

இவன் பக்கத்தில் கிரைண்டர் ஓடுகிறது. டியூஷன் வீட்டுக் கிரைண்டர்.

ரெக்கார்டை நீட்டியபோது அவள் ஏதோ சொல்லியிருக்கிறாள். மாவு அரைகிற சத்தத்தில் காதில் விழவில்லை. ‘என்ன என்று கேட்கவில்லை’ என்று எழுதியிருக்கிறான். ஏன் கேட்கவில்லை என்று எழுதவில்லை.

முதல் பக்கத்தில் அவள் சொன்னதாக நான்கு வரி வசனம் இருந்தது.

*

வாசலில் சைக்கிள் மணி. அவன் இல்லை.

*

கடைசி வரி, ‘நான் அழவில்லை.’

அதற்குப் பக்கத்தில் பென்சிலில், பொடி எழுத்தில், அவனே கேட்டிருக்கிறான்: இது நிஜமா, ஸ்டைலா?

அழாமல் திரும்பி நடக்கிற ஆளும் படத்தில் உண்டு. முதுகு தெரியும், பின்னால் வயலின் கேட்கும். ஆனால் இவன் நிஜமாகவே அழாமல் இருந்திருக்கலாம். நடந்த ஒன்று, படத்திலும் வந்துவிட்டது என்பதற்காக, அடிபட வேண்டுமா.

தெரியவில்லை. வரியை மூடிப் படித்துப் பார்க்கிறேன். திறந்து படிக்கிறேன். இரண்டும் நிற்கிறது.

அட்டை போட்டு என்பதில் ஒரு ‘ப்’ அதிகம். சிவப்புப் பேனா கையில் இருக்கிறது. அதை மட்டும் அடிக்கலாம்.