மதிப்பாய்வாளர் கேட்டதும் நாம் சொல்லும் பதிலும்

ஆய்விதழிலிருந்து வரும் முடிவுக் கடிதத்தை அச்செடுத்துப் படிக்கும் பேராசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். பேனாவால் அடிக்கோடிட்டு, ஓரத்தில் குறிப்பெழுதி, பக்கங்களைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் ஆய்வு மாணவிக்கு அனுப்பி, "பாயிண்ட் வாரியா பதில் டேபிள் போட்டுடும்மா" என்கிறார்கள். அந்த அட்டவணை திருத்திய கட்டுரையோடு இதழுக்குப் போய், பெரும்பாலும் அதே மதிப்பாய்வாளர்களிடம் சேரும். தாம் கேட்டது தம் சொற்களிலேயே அங்கே இருக்கிறதா என்று அவர்கள் பார்ப்பார்கள். அதனால் அட்டவணையின் முதல் கட்டத்தில் அவர்கள் எழுதியது எழுத்து மாறாமல் நிற்க வேண்டும். சுருக்கி எழுதத் தொடங்கிய இடத்திலேயே நாம் கேள்வியை நமக்கு வசதியாக வளைக்கவும் தொடங்கிவிடுகிறோம்.

படத்திலிருந்து எழுத்தைப் பிரிப்பதில்தான் முதல் ஆபத்து. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்வது நல்லது. நிழல் விழுந்த இடத்தில் தசமப் புள்ளி காணாமல் போய் 0.05 என்பது 005 ஆகலாம். ± வெறும் + ஆகலாம். µg/L என்பது ug/L என்று வந்து, அதை யாரோ mg/L என்று 'திருத்திவிட்டால்' அளவு ஆயிரம் மடங்கு பெருகிவிடும். இவற்றை எழுத்துப்பிழை பார்க்கும் மென்பொருள் பிடிக்காது. ஒருவர் படத்தைப் பார்த்து வாய்விட்டு வாசிக்க, இன்னொருவர் அட்டவணையில் சரிபார்ப்பதுதான் நம்பகமான வழி. கருத்துகளின் எண்கள் நான்கிலிருந்து ஆறுக்குத் தாவினால் ஒரு பக்கம் படமெடுக்காமல் விடுபட்டிருக்கிறது என்று பொருள். எண்ணிடாத கடிதமாக இருந்தால், ஒரு பக்கத்தின் கடைசி வாக்கியம் அடுத்த பக்கத்தில் தொடர்கிறதா என்று பார்த்துத்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும். கடிதம் இரகசியமானது என்பதால், கண்ட இணையதளத்தில் ஏற்றி எழுத்தைப் பிரிப்பதும் சரியல்ல.

ஓரக் குறிப்புகளும் படத்தில் சேர்ந்தே வரும். "தேவையில்லை", "ஏற்கெனவே சொல்லியாச்சு" என்று கைடு எழுதியது மதிப்பாய்வாளரின் வாக்கியத்தோடு ஒட்டிக்கொண்டால் விளைவு அவமானகரமானது. அவற்றை ஆசிரியர்கள் மட்டும் பார்க்கும் தனிக் கட்டத்தில் வைத்து, அனுப்பும் முன் அந்தக் கட்டத்தையே நீக்கிவிட வேண்டும்.

அடுத்தது, ஒரு கருத்தைத் தனித்தனிக் கேள்விகளாகப் பிரிப்பது. கிணற்று நீரில் ஃபுளூரைடு பற்றிய ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் மதிப்பாய்வாளரின் மூன்றாம் கருத்து ஒரே பத்தியாக இப்படி வருகிறது: "மாதிரிகள் மழைக்காலத்துக்குப் பின் மட்டுமே எடுக்கப்பட்டுள்ளன, கோடையில் எடுக்காததற்குக் காரணம் கூறவும். படம் 3-இல் பிழைக்கோடுகள் திட்ட விலக்கமா, திட்டப் பிழையா என்று தெரியவில்லை. இந்நிலையில் 'இக்கிணறுகள் பாதுகாப்பானவை' என்ற முடிவை ஏற்க இயலாது."

அட்டவணையில் இது ஒரே வரிசையாக இருந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பிழைக்கோடு பற்றி விரிவாக, நன்றியோடு ஒரு பதில் வரும். ஏனென்றால் அதுதான் எளிது. படத்தின் விளக்கத்தில் ஒரு சொல் சேர்த்தால் முடிந்தது. கோடையைப் பற்றி ஒரு மழுப்பல் வாக்கியம் வரும். கடைசி வாக்கியம் எதையும் நேரடியாகக் கேட்காததால், அதைக் கேள்வியாகவே யாரும் எண்ணமாட்டார்கள். ஆனால் அந்தப் பத்தியின் கனமெல்லாம் அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது. ஆகவே 2.3அ, 2.3ஆ, 2.3இ என்று மூன்று வரிசைகள் வேண்டும். ஒவ்வொன்றிலும் அவர் சொன்னது, நம் பதில், கட்டுரையில் மாற்றிய வாக்கியம், அது இருக்கும் இடம் ஆகிய நான்கும் நிரம்ப வேண்டும். மாற்றம் எதுவும் செய்யவில்லை என்றால் அதையும் காரணத்தோடு எழுத வேண்டும்.

இடம் என்பதில் ஒரு சிக்கல் உண்டு. "வரி 142" என்று மதிப்பாய்வாளர் சொல்வது முதலில் அனுப்பிய பிரதியின் வரி. திருத்தியதில் அது 160-க்கு நகர்ந்திருக்கும். அவர் குறிப்பிட்ட எண்ணை அப்படியே விட்டுவிட்டு, புதிய எண்ணைப் பதிலில் தர வேண்டும். எல்லாத் திருத்தமும் முடிந்து கோப்பை மூடும் நேரத்தில்தான் அந்த எண்களை நிரப்ப முடியும். முன்பே நிரப்பினால் ஒரு பத்தி சேர்ந்ததும் எல்லாம் தவறாகிவிடும்.

2.3அ-வுக்கு உண்மையான பதில், கோடையில் மாதிரி எடுக்கவில்லை என்பதுதான். அந்தக் கோடை போய்விட்டது. இனி எடுத்தாலும் அது வேறொரு ஆண்டின் தரவு. இதை நேராக எழுதினால் 2.3இ-க்கான பதில் தானாக வந்துவிடும். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது ஃபுளூரைடின் செறிவு மாறக்கூடும் என்பதால், "பாதுகாப்பானவை" என்ற சொல்லைப் பயன்படுத்த நமக்கு உரிமையில்லை. "மழைக்காலத்துக்குப் பின் எடுத்த மாதிரிகளில் ஃபுளூரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டவில்லை" என்று முடிவுரையிலும் சுருக்கத்திலும் மாற்ற வேண்டும். பிறகு அந்தக் கட்டுரையைப் படித்து யாரும் கோடையிலும் அந்தக் கிணற்று நீர் நல்லது என்று நம்பிக் குடிக்கமாட்டார்கள்.