அந்த 2 எண்களை நிரப்பிவிடாதே, தம்பி

தம்பி, கீபோர்டிலிருந்து முதலில் கையை எடு. நாளைக் காலை ஆடிட்டர் ஓசூருக்கு வருகிறார். நீயோ ராத்திரி 11 மணிக்கு சேல்ஸ் ரிஜிஸ்டரை எண் வரிசையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, 411-க்கு அடுத்து 414 நிற்கிறது என்று பதறுகிறாய். இரண்டு வெற்று வவுச்சர் போட்டு ‘கேன்சல்’ என்று எழுதிவிட்டால் ஆயிற்று என்கிறாய். அதை மட்டும் செய்யாதே.

டேலியில் Alt+X அடித்திருந்தால் பில் ரத்தாகி எண் அப்படியே நின்றிருக்கும். யாரோ Alt+D அடித்து அடியோடு அழித்திருக்கிறார்கள். உங்களுடையது பிரைவேட் லிமிடெட். 2023 ஏப்ரல் முதல் எடிட் லாக் கட்டாயம். அழித்தவர் யார், எப்போது என்பது அதில் இருக்கும். இந்த ராத்திரி நீ போடும் வவுச்சரும் உன் யூசர் பெயரோடு அதிலேயே ஏறும்.

நீ படித்துக்காட்டியதை வைத்துச் சொல்கிறேன். 412-க்கு எடுத்த ஈ-வே பில் 24 மணி நேரத்துக்குள் ரத்தாகியிருக்கிறது, கேட் நோட்டிலும் வண்டி இல்லை. சரக்கு போகவில்லை, பயமும் இல்லை. ஈ-வே பில் ரத்தான பக்கத்தைப் பிரின்ட் எடுத்து வை.

413 அப்படியல்ல. அதன் ஈ-வே பில் ரத்தாகவில்லை. வண்டி அத்திப்பள்ளி தாண்டி பொம்மசந்திரா போய், பார்ட்டியின் சீல் போட்ட நகலும் ஃபைலில் இருக்கிறது. 1,80,000 ரூபாய் சரக்கு, 18 சதவீத ஐஜிஎஸ்டி 32,400 ரூபாய். போன ஜிஎஸ்டிஆர்-1-இன் 13-ஆம் அட்டவணையில் இதையும் ரத்தான பில்லாகக் காட்டியிருக்கிறீர்கள். இன்னொரு முறை ‘கேன்சல்’ என்று எழுதினால், போன மாதத் தவறு இந்த ராத்திரி உன் கையால் பொய்யாகிவிடும்.

நானும் ஒருகாலத்தில் இதைச் செய்தவன்தான். ஜூஜுவாடியில் செக்போஸ்ட் இருந்த நாட்களில், காணாமல் போன ஒரு பில்லை ரத்து என்று எழுதி கார்பன் நகலைச் செருகினேன். செக்போஸ்ட் முத்திரை விழுந்த நகல் பின்னால் வந்து சேர்ந்தது. முதலாளி அல்ல, நான்தான் அதிகாரி முன் நின்றேன்.

சீல் போட்ட நகலை வைத்து 413-ஐ அதன் உண்மையான தேதியிலேயே பதிவு செய்ய முதலாளியிடம் கேள். லாக் அதை இன்றைய பதிவாகவே காட்டும், காட்டட்டும். விடுபட்ட பில்லை அடுத்த ஜிஎஸ்டிஆர்-1-இல் சேர்த்து, வரியை வட்டியோடு கட்டலாம். ஆண்டுக்கு 18 சதவீதம். 60 நாள் தாமதமென்றால் சுமார் 959 ரூபாய். அபராதம் வருமா என்பதை ஆடிட்டரிடமே கேள், ஆனால் அவர் கண்டுபிடிக்கும் முன் நீ சொல்லியிருக்க வேண்டும். இரண்டு எண்களுக்கும் நடந்ததை அரைப் பக்கம் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடு.

அதற்கு முன், முதலாளியை எழுப்பு. திட்டுவார். திட்டி முடித்ததும் 413-ஐ அழித்தது யார் என்று கேட்பார். லாக்கைத் திறந்து அவரிடமே காட்டு.