இருநூற்று ஐம்பது ரூபாய்

1981இல் இன்ஃபோசிஸ் தொடங்க சுதா மூர்த்தி தன் சேமிப்பிலிருந்து பத்தாயிரம் ரூபாய் கொடுத்த கதை எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். கையில் இருந்தது 10,250 என்றும், 250ஐ நிறுத்திக்கொண்டதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். கணவர் தொழில் தொடங்கியபோது அவர் வேலைக்குப் போய்க் குடும்பத்தை நடத்தினார். நாம் பத்தாயிரத்தை மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கிறோம்.

என் வீட்டில் கேட்டது மனைவி. வங்கி வேலையை விட்டுவிட்டு மார்த்தாண்டம் பக்கம் தேன் வாங்கிச் சுத்திகரித்து விற்க வேண்டும் என்றாள். நான் உடனே எக்ஸெல் ஷீட் திறந்தேன். அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "மக்களே, நீ வேலையை விடுகேன்னு சொல்லியிருந்தா இம்புட்டு கணக்கு கேட்டிருப்பாளா அவ?" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் கணக்கு தேவைப்பட்டது.

ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்க்கும் பருவத்தில்தான் இங்கே தேன் பெருகும், ஏறக்குறைய பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. பூவிலிருந்து அல்ல, தளிரிலையின் காம்பில் சுரக்கும் இனிப்பிலிருந்து. வருஷத்துக்கான சரக்கை அந்த மூன்று மாதத்தில் ரொக்கத்துக்கு வாங்கியாக வேண்டும். ஈரப்பதம் இருபது சதவீதத்துக்கு மேல் இருந்தால் தேன் நுரைத்துப் புளிக்கும். எனவே அளந்து, மிதமாகச் சூடாக்கி நீரைக் குறைக்க வேண்டும். அவள் திட்டப்படி தேனுக்கு மூன்று லட்சம், பாட்டில், லேபிள், கூலிக்கு ஒரு லட்சம். கடைக்காரர் பணம் தர இரண்டு மாதம் ஆகும். ஆக, ஏப்ரலில் நான்கு லட்சமும் கேனிலும் பாட்டிலிலும் இருக்கும், வங்கியில் இருக்காது. லாபம் இருக்கிறதா என்பதல்ல கேள்வி. அடுத்த பிப்ரவரிக்குள் மூன்று லட்சம் திரும்பி வருமா? வராவிட்டால் அடுத்து கைவைப்பது நகையில்தான்.

எங்கள் சேமிப்பைப் பிரித்து எழுதினோம். அவள் பிஎஃப் அவளுடையது. பிக்சட் டெபாசிட் இருவருடையது. நகை ஸ்ரீதனம், அதில் கணவனுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2024இலும் சொன்னது. ஆகவே அதைத் தொடாதே என்று சொல்லும் உரிமையும் எனக்கு இல்லை. இது எனக்கு உறைக்கக் கொஞ்ச நாளாயிற்று.

"ஜனவரி முடிவுல மூணு லட்சம் அக்கவுண்ட்ல இல்லேன்னா நிறுத்திடணும். அதை நான் சொல்லுவேன்" என்றேன்.

"அப்போ நீங்க முதலாளி, நான் மேனேஜர், இல்லியா?"

பணம் கொடுப்பவனுக்கு நிறுத்தும் அதிகாரம் உண்டா என்பதுதான் சண்டை. பொதுப்பணத்தில் பாதி என்னுடையது, அதற்கு நான் பேசலாம். அவள் தொழிலை மூடச் சொல்ல முடியாது. மறுபடி பொதுப்பணம் கேட்டால் 'இல்லை' என்று மட்டுமே சொல்லலாம். அந்த 'இல்லை'யைக் கோபமில்லாமல் சொல்லவும், அதற்கப்புறம் அவள் நகையை அடகு வைத்தால் முகத்தைத் தூக்காமல் இருக்கவும் என்னால் முடியுமா, தெரியவில்லை.

வீட்டுச்செலவு இனி என் சம்பளத்தில்தான். ஆறு மாதச் செலவைத் தனிக் கணக்கில் போட்டோம். அதற்கு அவள் வைத்த பெயர் 'இருநூத்தம்பது'. ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டாள். நோட்டீஸ் மாதங்கள் முடிய, ரப்பர் தளிர்க்க ஆரம்பித்திருக்கும்.