பத்து அட்டையின் அளவு

ஆலத்தூர் மருந்துத் தொழிற்பேட்டையில், பேக்கிங் ஹாலின் கடைசி மேசை எனக்குப் பிடித்த இடம். மாத்திரை அட்டைகள் அங்கேதான் பத்துப் பத்தாகச் சேர்ந்து சின்னப் பெட்டிக்குள் போகும். சின்னப் பெட்டிகள் பிறகு ஷிப்பருக்குள் போகும். வெளியூருக்குப் போகும் பெரிய நெளியட்டைப் பெட்டியைத்தான் இங்கே எல்லோரும் ஷிப்பர் என்கிறோம்.

ஒரு ஷிப்பரில் எத்தனை கொள்ளும் என்று கணக்குப் போட முதல் தடவை அமர்ந்தபோது, ஒரே ஒரு பாராசிட்டமால் அட்டையை எடுத்து அளந்தேன். நீளம் 96 மில்லிமீட்டர், அகலம் 46, மாத்திரை புடைத்திருக்கும் இடத்தில் கனம் 6. அப்படியானால் பத்து அட்டைக்கு 60 என்று எழுதினேன். பக்கத்தில் நின்ற அக்கா பத்து அட்டையை அள்ளி, ஒன்றைக் குப்புறவும் ஒன்றை மல்லாக்கவும் மாற்றி மாற்றி அடுக்கினார். ஒன்றின் புடைப்புகள் மற்றதன் இடைவெளிகளில் போய் உட்கார்ந்தன. கட்டை அளந்து பார்த்தால் 42 மில்லிமீட்டர். “ஒத்தை அட்டைக்கு அளவு எடுத்து என்ன சார் பண்றது? பத்துக்கு எடுங்க” என்றார்.

அன்று முதல் தனி அட்டையை நான் அளப்பதில்லை.

*

சின்னப் பெட்டியின் வெளியளவு 100, 48, 44. ஷிப்பரின் உள்ளளவு நீளம் 405, அகலம் 310, உயரம் 250. ஷிப்பருக்கு உள்ளளவும், உள்ளே போவதற்கு வெளியளவும்தான் எடுக்க வேண்டும். இதை மாற்றி எடுத்துவிட்டால், ஒவ்வொரு பக்கமும் பெட்டிச்சுவரின் கனம் கணக்கிலிருந்து நழுவிவிடும்.

கொள்ளளவைக் கொள்ளளவால் வகுத்தால் 148 வருகிறது. அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. பெட்டி தண்ணீர் இல்லை, மூலையில் வழிந்து நிரம்புவதற்கு. ஒவ்வொரு பக்கத்தையும் தனியாக வகுத்து, மீதியைத் தள்ளிவிட்டு, வரும் மூன்று முழு எண்களைப் பெருக்க வேண்டும்.

```
=INT(405/100)*INT(310/44)*INT(250/48)
```

இது 4, 7, 5. பெருக்கினால் 140.

ஆனால் இது ஒரு கிடைதான். எந்தப் பக்கம் மேலே, எந்தப் பக்கம் நீளவாக்கில் என்று மாற்றினால் ஒரு பெட்டியை ஆறு விதமாக வைக்கலாம். ஆறையும் போட்டுப் பார்த்தேன். செங்குத்தாக நிறுத்தினால், ஒரு திசையில் 108, திருப்பினால் 112. தட்டையாகப் படுக்கவைத்தால் எந்தப் பக்கம் திருப்பினாலும் 120. அலமாரியில் புத்தகம் நிற்பதுபோல ஒருக்களித்து நிறுத்தினால் 140, அதையே தொண்ணூறு பாகை திருப்பினால் 135.

பெட்டியும் அதேதான், சரக்கும் அதேதான். 108-க்கும் 140-க்கும் நடுவே இருப்பது வைக்கும் விதம் ஒன்றே. இந்த வரிசையை எழுதி முடித்துவிட்டுச் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தள்ளிவிட்ட மீதிகள்தான் வித்தியாசத்தைச் செய்கின்றன. செங்குத்தாக நிறுத்தி வைக்கும்போது உயரத்தில் 50 மில்லிமீட்டர் வெறுமையாகக் கிடக்கிறது. கிடங்கில் மேல் பெட்டியின் பாரம் அந்த வெறுமையின் மேல்தான் இறங்கும். மூடி உள்வாங்கும்.

140 என்று முடிவு செய்தோம்.

*

ஐப்பசி மழை. பூஞ்சேரிப் பக்கமிருந்து கடல்காற்று ஈரத்தோடு வந்து லோடிங் வாசலில் நிற்கும். நெளியட்டை ஈரத்தைக் குடிக்கும் பொருள். காற்றின் ஈரப்பதம் தொண்ணூறு விழுக்காட்டைத் தொடும்போது, அடுக்கின் பாரத்தைத் தாங்கும் வலுவில் பாதியை அது இழந்துவிடலாம்.

அந்த வாரம் ஷிப்பர்களின் பக்கச்சுவர் வயிறு தள்ளி நின்றது. ஏழாவது வரிசையை உள்ளங்கையால் குத்தி இறக்க வேண்டியிருந்தது. அக்காவின் மணிக்கட்டு சிவந்திருந்ததைப் பார்த்தபிறகுதான் நான் அளவுகோலை எடுத்தேன். உள்ளே பத்து அட்டைகளும் மெல்லிய ஸ்பிரிங் மாதிரி விரிந்து தள்ளுகின்றன. ஈரத்தில் சின்னப் பெட்டியும் தளர்ந்து இடம் கொடுக்கிறது. 44 என்று நான் எழுதிவைத்த பக்கம் 44.5 ஆகியிருந்தது. ஏழு பெட்டிக்கு 311.5. ஷிப்பரின் அகலமோ 310.

காகிதத்தில் எனக்கு அங்கே இரண்டே மில்லிமீட்டர்தான் மிச்சமிருந்தது. ஏழு பெட்டிகளுக்கு அது எப்படிப் போதும் என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

பாரத்தைப் பெரும்பாலும் தாங்குபவை ஷிப்பரின் நான்கு மூலைகளும் நேராக நிற்கும் சுவர்களும். புடைத்த சுவர் நேரான சுவர் அல்ல. அடுக்கில் கீழே இருந்தவை ஒரு பக்கமாகச் சரியத் தொடங்கியிருந்தன.

புதிய அளவில் ஷிப்பர் வர நாளாகும். அதுவரை என்ன செய்வது? ஆறு கிடைகளின் பட்டியலை மறுபடி எடுத்தேன். 135. சின்னப் பெட்டிகளைத் தொண்ணூறு பாகை திருப்பினால் நீளவாக்கில் ஒன்பது: புடைத்த அளவில்கூட 400.5, இடம் 405. அகலவாக்கில் மூன்று: 300, இடம் 310. உயரத்தில் முன்போலவே ஐந்து. ஐந்து பெட்டி குறைகிறது, ஆனால் எதையும் குத்தி இறக்க வேண்டாம். அக்கா ஒரு ஷிப்பரை நிரப்பிவிட்டு மூடியைச் சும்மா விட்டார். இரண்டு மடிப்புகளும் நடுவில் வந்து தொட்டுக்கொண்டன.

அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் ஒப்பந்தப்புள்ளி நிபந்தனைகளில் பெட்டியைப் பற்றி ஒரு பகுதி உண்டு. மடிப்புகள் சரியாகச் சந்திக்க வேண்டும், ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது என்கிறது. முதலில் படித்தபோது அது காகித விதியாகப் பட்டது. அன்று அது உள்ளே இருப்பதன் நிலையை வெளியிலிருந்தே சொல்லும் அடையாளமாகத் தெரிந்தது.

*

சிரப் பாட்டிலுக்கு ஆறு கிடை இல்லை. மூடி மேலேதான் இருக்க வேண்டும். படுக்கவைத்தால் வழியில் கசியும். பாட்டில் வைத்த பெட்டி 48-க்கு 48, உயரம் 125. அடிப்பக்கம் சதுரம் என்பதால் திருப்பினாலும் மாற்றமில்லை. அதே ஷிப்பரில் 8, 6, 2. மொத்தம் 96.

இந்த 96-இல் இரண்டு பிழைகள் இருக்கின்றன. 125-ஐ இரண்டு முறை வைத்தால் சரியாக 250. சூத்திரம் ‘கொள்ளும்’ என்கிறது, மூடி மூடாது. இரண்டாவது எடை. ஒரு ஷிப்பர் 15 கிலோவைத் தாண்டக்கூடாது என்பதும் அந்த நிபந்தனைகளில் ஒன்று. அதைத் தூக்குவது ஒரு மனிதரின் முதுகு. மாத்திரை ஷிப்பர் 11 கிலோவுக்குப் பக்கத்தில் நின்றது, எடையைப் பற்றி நினைக்கவே வேண்டியிருக்கவில்லை. சிரப் பெட்டி ஒன்று 190 கிராம். 96-க்கு 18 கிலோவைத் தாண்டுகிறது. எனவே எட்டுக்கு நான்கு, இரண்டு அடுக்கு, 64 பாட்டில். 12 கிலோ சொச்சம். அதற்கென்று அகலம் குறைந்த, சற்றே உயரமான ஷிப்பர் வேண்டும்.

*

ஒரு தொகுதியில் சரியாகப் பத்து லட்சம் மாத்திரை என்று வைத்துக்கொள்வோம். ஷிப்பருக்கு 13,500. 74 ஷிப்பர் நிரம்பிய பின் ஆயிரம் மாத்திரை நிற்கிறது. பத்துச் சின்னப் பெட்டி. ஒரே மருந்தாக இருந்தாலும் இரண்டு தொகுதிகளை ஒரே ஷிப்பரில் கலக்கக்கூடாது. ஒரு தொகுதியைத் திரும்பப் பெற நேர்ந்தால் அது எந்தப் பெட்டிகளில் இருக்கிறதென்று தெரிய வேண்டும்.

அந்தப் பத்தை அக்கா ஒரு சிறிய பெட்டியில் வைத்து, ஆடாமல் இருக்கக் காகிதம் திணித்து ஒட்டினார். 75 என்ற எண்ணும், உள்ளே 10 என்ற எண்ணிக்கையும் லேபிளில் கையால் எழுதப்பட்டன. திருப்போரூர் பக்கம் போகும் லாரியில் அது கடைசியாக ஏறியது.