மந்திரத்துக்கும் கணக்கு உண்டு

மிகுபுனைவு எழுத உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, முதல் அத்தியாயத்தை யாருக்கும் அனுப்புவதற்கு முன் இதைக் கேளுங்கள். அச்சில் ஏறிய விதியைத் திரும்பப் பெற முடியாது. தொடராக எழுதுகிறவருக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். மூன்றாம் அத்தியாயத்தில் மருத்துவச்சி ஒரு பச்சிலையால் வெட்டுக்காயத்தை ஒரே இரவில் ஆற்றிவிடுகிறாள். முப்பதாம் அத்தியாயத்தில் இளவரசன் வெட்டுக்காயத்தால் சாகிறான். வாசகர் அழுவதற்குப் பதில், அந்தப் பச்சிலை எங்கே போயிற்று என்று கேட்பார். அவர் கேட்பது நியாயம். உலகத்தை உண்டாக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. உண்டாக்கியபின் அதன் விதியை மீறும் உரிமை உங்களுக்கு இல்லை.

இந்தத் தவறு பெரும்பாலும் ஒரே பக்கத்தில் நடப்பதில்லை. உலோகம், போக்குவரத்து, மருத்துவம் ஆகிய மூன்றையும் தனித்தனியாக யோசிப்பதால்தான் நடக்கிறது. மூன்றும் ஒரே கணக்குப் புத்தகம். ஒரு பக்கத்தில் வரவு வைத்தால் மற்ற இரண்டிலும் எங்கேயோ பற்று எழுதியாக வேண்டும். ஓர் எடுத்துக்காட்டை எடுத்து அடிவரை போய்ப் பார்ப்போம்.

ஒரு மலைக்கோட்டை அரசு. வாளேந்திய வீரர் ஐயாயிரம் பேர். முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் எதிரிக் கோட்டையை முற்றுகையிடப் போகிறார்கள். உலகத்தில் ஒரே ஒரு மாயம்: சிலருக்கு எரிமந்திரம் தெரியும். விறகில்லாமல் தீ வரும். சின்ன விஷயமாகத் தெரிகிறது, இல்லையா? தொடர்ந்து பாருங்கள்.

முதலில் வாள். பழைய சிறு உலைகளில் அடித்துச் சீராக்கிய இரும்பு ஒரு கிலோ கிடைக்கக் குறைந்தது பத்து கிலோ அடுப்புக்கரி வேண்டும். ஒரு கிலோ கரிக்கு ஐந்தாறு கிலோ விறகு. ஒரு வாளுக்கு ஒரு கிலோ இரும்பு என்று வைத்தாலும் ஐயாயிரம் வாளுக்கு முந்நூறு டன் விறகு. இதில் ஈட்டிமுனை, லாடம், ஆணி, வண்டிச்சக்கரப் பட்டை எதுவும் சேரவில்லை. ஆகவே இரும்பு செழித்த கோட்டையைச் சுற்றி அடர்ந்த காடு இருக்கிறது என்று எழுதாதீர்கள். மொட்டைக் குன்றும், தொலைவிலிருந்து கரி சுமந்து வருபவர்களும் இருக்க வேண்டும்.

எரிமந்திரம் இருக்கிறதே, கரி எதற்கு என்பீர்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். உலையில் கரி இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, சூடு தருவது. மற்றொன்று, இரும்புக்கல்லில் பிணைந்திருக்கும் ஆக்சிஜனைப் பிரித்துக்கொண்டு போவது. மந்திரத் தீ முதல் வேலையைத்தான் செய்யும். கரியில்லாமல் இரும்புக்கல்லை எவ்வளவு காய்ச்சினாலும் அது காய்ந்த கல்லாகவே இருக்கும். நல்ல எஃகுக்கும் கரிச்சத்து வேண்டும். தென்னிந்தியக் கொல்லர்கள் இரும்புத் துண்டுகளோடு ஆவாரங்குச்சி போன்றவற்றைப் போட்டு, மண் மூசையை மூடிக் காய்ச்சியது அதற்காகத்தான். ஆகவே உங்கள் அரசில் கரிச்செலவு குறையலாம், ஒழியாது.

இப்போது எரிமந்திரத்தை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோங்கள். விறகுச் செலவில்லாத தீ கொல்லனோடு நிற்குமா? செங்கல் சூளைக்கு வரும், சுண்ணாம்புக் காளவாய்க்கு வரும், கண்ணாடி உலைக்கு வரும், உப்புக் காய்ச்சவும் வரும். அப்படியானால் ஏழையின் வீடு ஏன் இன்னும் மண்சுவராக இருக்கிறது? சுரங்கத்தில் தண்ணீர் இறைக்க நீராவி எந்திரம் ஏன் வரவில்லை? 1712இல் நியூகமன் செய்த எந்திரம் எரிபொருளை அள்ளி விழுங்கியது. ஆனாலும் நிலக்கரிச் சுரங்க வாசலில் அது நன்றாகவே பிழைத்தது. விற்காத கரித்தூள் அங்கே காலடியில் கிடந்தது. தீ இலவசமாக இருக்கும் உலகில் மோசமான எந்திரம்கூட லாபம்தான்.

எனவே மாயத்துக்கு வரம்பு கட்டுங்கள், அதையும் எண்ணில் கட்டுங்கள். ஒரு மந்திரக்காரர் நாளொன்றுக்கு ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம்தான் தீயை நிறுத்த முடியும் என்று வையுங்கள். ஓர் உலை ஒருமுறை இரும்பு தர ஏழெட்டு மணி நேரம் விடாமல் எரிய வேண்டும் என்று கொண்டால், ஓர் உலைக்கே இருபது மந்திரக்காரர்கள் வேண்டும். நாடு முழுக்க எத்தனை பேருக்கு மந்திரம் தெரியும்? நூறு பேர் என்றால் யாரும் அவர்களை உலைக்கு அனுப்ப மாட்டார்கள். சூளையும் சுண்ணாம்பும் பழையபடி விறகில் எரியும். நீராவி எந்திரக் கேள்வியும் அடங்கிவிடும். ஒரே எண் இவ்வளவையும் தீர்த்துவைக்கிறது. அந்த எண்ணைக் கதை தொடங்குமுன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வசதிக்காக மாற்றாதீர்கள்.

அடுத்து, படை நகர வேண்டும். இரட்டை மாட்டுவண்டி ஒன்று ஐந்நூறு கிலோ ஏற்றி, நாளுக்கு இருபது கிலோமீட்டர் போகிறது என்று தாராளமாகவே வைப்போம். இரண்டு மாடுகளுக்கும் வண்டிக்காரருக்கும் சேர்த்து நாளொன்றுக்கு ஏறத்தாழ இருபது கிலோ தீனி. முந்நூறு கிலோமீட்டருக்குப் பதினைந்து நாள். போக முந்நூறு கிலோ, வர முந்நூறு கிலோ. ஏற்றியது ஐந்நூறு! அதாவது எல்லாத் தீனியையும் தானே சுமந்தால் அந்த வண்டி முற்றுகைக்கு ஒரு படி அரிசியும் கொண்டுசேர்க்காது, தன் வயிற்றுக்கே போதாது. வைக்கோல் அடைக்கும் இடத்தை இதில் சேர்க்கவே இல்லை.

ஐயாயிரம் பேருக்கு ஆளுக்கு ஒரு கிலோ என்றால் தினமும் ஐந்து டன் தானியம். அப்படியானால் இந்த முற்றுகை எப்படி நடக்கும்? வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் விலை இருக்கிறது. ஆற்றில் படகு விடலாம். ஆனால் கோட்டை ஆற்றங்கரையில் இருக்க வேண்டும், எதிரி அந்த ஆற்றை மறிக்க முயல வேண்டும். தக்காணத்தில் முகலாயப் படைகளுக்கு லம்பாடிகள் தானியம் கொண்டுவந்ததுபோல, ஆயிரக்கணக்கான பொதிமாடுகளை வழியில் மேயவிட்டே ஓட்டலாம். ஆனால் மேய்ச்சலுக்கு நேரம் போகும், வேகம் குறையும், புல் இல்லாத கோடையில் படையெடுப்பே இருக்காது. வழியிலிருக்கும் ஊர்களைப் பறித்துத் தின்னலாம். ஆனால் திரும்பி வரும்போது அதே வழியில் எதுவும் கிடைக்காது. பாருங்கள், போர் எந்த மாதத்தில் தொடங்குகிறது, எந்த வழியில் போகிறது, யார் யாரை வெறுக்கிறார்கள் என்பதெல்லாம் இந்தக் கணக்கிலிருந்தே பிறக்கிறது. கணக்கு கதையைக் கட்டிப்போடும் என்று அஞ்சாதீர்கள். டோல்கீன் வரைபடத்தை வைத்துக்கொண்டுதான் கதையை அதற்குப் பொருத்தினார். நிலவின் பிறையும் நடந்த தொலைவும் ஒத்துப்போக எழுதியதைத் திருத்தினார்.

மூன்றாவது மருத்துவம். இதில் நாம் காட்டும் அலட்சியம்தான் பெரிது. முற்றுகையில் காயம்பட்டவர்களை உங்கள் மருத்துவர் எப்படிக் காப்பாற்றுகிறார்? கையையும் கத்தியையும் சாராயத்தால் கழுவுகிறார் என்று வையுங்கள். ஒருமுறை வடித்த சாராயம் அதற்குப் போதாது. நூற்றுக்கு அறுபது, எழுபது பங்கு சாராயச் சத்து நிற்கும்படி திரும்பத் திரும்ப வடிக்க வேண்டும். ஆக, செம்புப் பானையும் குளிர்விக்கும் குழாயும் வேண்டும், செம்பு செய்பவர் வேண்டும். விறகும் வேண்டும். அந்த விறகை ஏற்கெனவே கொல்லர் கேட்டுக்கொண்டிருக்கிறார். கார்பாலிக் அமிலம் வேண்டும் என்றால் இன்னும் ஆழம். லிஸ்டர் 1867இல் எழுதிய முறைக்கு அடிப்படையான அந்த மருந்து நிலக்கரித் தாரிலிருந்து வந்தது. நிலக்கரியைக் காய்ச்சி வாயு எடுக்கும் தொழில் இருந்ததால்தான் தார் மலிவாகக் கிடைத்தது. உங்கள் உலகில் அந்தத் தொழில் இல்லையென்றால் அந்தப் புட்டியும் இல்லை.

பொருள் இருந்தால் மட்டும் போதாது, எண்ணமும் வேண்டும். ஐரோப்பாவில் சாராயம் வடிக்கத் தெரிந்து பல நூற்றாண்டுகளான பிறகும் மருத்துவர்கள் கையைக் கழுவவில்லை. 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் கைகழுவச் சொன்னபோது பலர் அவரை ஏற்கவில்லை. ஆகவே சாராயம் உள்ள உலகில் சுத்தம் இல்லாமல் இருப்பது முரண் ஆகாது. ஆனால் ஒரு மருத்துவச்சி கைகழுவி நூறு பேரைக் காப்பாற்றியதாகக் காட்டிவிட்டால், அடுத்த பாளையத்தில் ஏன் அது பரவவில்லை என்பதற்குப் பதில் வேண்டும். மறைக்கிறார்களா, நம்பவில்லையா, அவள் பேச்சு எடுபடவில்லையா? அந்தப் பதிலை எழுதுங்கள்.

கதைக்கு அரசன் சாக வேண்டும் என்றால் மருந்தை மறந்துபோகச் செய்யாதீர்கள், மருந்தின் எல்லையைக் கண்டுபிடியுங்கள். தனுர்வாதம் உண்டாக்கும் கிருமியின் வித்துகளைச் சாராயம் கொல்லாது. சாதாரணமாகக் கொதிக்கும் தண்ணீரையும் அவை தாங்கும். மண்ணிலும் குதிரைச் சாணத்திலும் அவை இருக்கும், காற்றுப் புகாத ஆழமான காயத்தில் வளரும். எனவே லாயத்து மண் படிந்த அம்பு அரசன் தொடையில் ஆழமாகக் குத்துகிறது. மேலே கழுவி, கட்டி, ஆறுவதுபோலத் தெரிகிறது. எட்டாம் நாள் தாடை இறுகுகிறது. இதுவரை எல்லோரையும் காப்பாற்றிய அதே மருத்துவச்சி, அதே சாராயம், அதே கவனம். ஆனாலும் அரசன் சாகிறான். ஒரு விதியும் உடையவில்லை, வாசகருக்கும் ஏமாற்றமில்லை.

இனி வேலையைத் தொடங்குங்கள். கதையில் வரும் ஒவ்வொரு புதுப்பொருளுக்கும், மருந்துக்கும், மாயத்துக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எதிலிருந்து வருகிறது, யார் செய்கிறார், எத்தனை நாள் ஆகிறது, எப்படி ஊருக்கு வருகிறது, எதைச் செய்ய முடியாது என்ற ஐந்துக்கும் பதில் எழுதுங்கள். பிறகு மூன்று பேர் கண்ணால் பாருங்கள்: இதை வைத்து எதிரி என்ன செய்வான், வணிகர் என்ன செய்வார், நோயுற்ற பிள்ளையின் தாய் எங்கே ஓடுவாள்? மூன்றாவது கேள்வியில்தான் பெரும்பாலான உலகங்கள் உடைகின்றன. எல்லா நோயையும் தீர்க்கும் மூலிகை இருக்கிறது என்று தெரிந்தால், எந்தத் தாயும் கதாநாயகன் வரும்வரை காத்திருக்க மாட்டாள்.

முரண்பாடு கண்ணில் பட்டால், பின்னால் சரிசெய்துகொள்ளலாம் என்று கடந்து போகாதீர்கள். விதியை மாற்றுங்கள், இல்லையென்றால் காட்சியை மாற்றுங்கள். இரண்டையும் வைத்துக்கொண்டு வாசகர் கவனிக்க மாட்டார் என்று நம்புவது அவரை ஏமாற்றுவதுதான். இல்லாத நாட்டை நம்பித் தன் நேரத்தை உங்கள் கையில் கொடுக்கிறார் அவர். அந்த நாட்டின் கரிக்கும் வைக்கோலுக்கும் காயத்துக்கும் பதில் சொல்வது உங்கள் கடமை. இரண்டாம் அத்தியாயத்தைத் தொடும் முன் அந்த நோட்டை எடுங்கள்.